வெள்ளவத்தை வீட்டு முன்னறையில் சிவந்த கண்களும் சுவர் நிழலும்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு ஒரேயொரு அறையைப் பற்றியது. வெள்ளவத்தையில், கடற்கரையோர ரயில் பாதைக்கு அண்மையில் உள்ள தொடர்மாடி ஒன்றில் என் பெரியம்மா வசிக்கிறார். அவருடைய வீட்டு முன்னறை கிழக்கு மேற்காகப் பதினெட்டு அடி நீளமும் தெற்கு வடக்காகப் பதினான்கு அடி அகலமும் கொண்டது. சீலிங் ஒன்பது அடி உயரத்தில், வெள்ளை அடித்த வெறும் கொங்கிறீற்றாக இருக்கிறது. மேற்குப் பக்கம் முழுவதும் கடலைப் பார்த்த யன்னல். வடக்குச் சுவரும் கிழக்குச் சுவரும் வெள்ளை. தெற்குச் சுவருக்கு மட்டும் இளம்பச்சை பூசியிருக்கிறார்கள். இவற்றை முதலிலேயே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. வீட்டுக்குள் பிளாஷ் போட்டுப் படம் எடுப்பவருக்கு அறையின் அளவும் சுவர்களின் நிறமும் கமராவின் பாகங்களைப் போன்றவையே.

ஏறத்தாழ ஒரு மாத இடைவெளிக்குள் அந்த அறையில் மூன்று முறை படம் எடுத்தேன். முதல்முறை அம்மம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் மாலை. அன்றைய படங்களில் பெரும்பாலானவை கெட்டுப்போயின. இரண்டாவது முறை, அவை ஏன் கெட்டன என்பதைக் கண்டறிவதற்காக ஒரு மாலை முழுவதும் செய்த பரீட்சை. மூன்றாவது முறை விசயதசமிக் காலை, பெரியம்மாவின் மூன்று வயதுப் பேரனுக்கு ஏடு தொடக்கிய வேளை.

பிறந்தநாளன்று கேக் வைத்த மேசை வடக்குச் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தது. அம்மம்மா முன்னால் கதிரையில் அமர்ந்திருந்தார். அவருக்கு இரு பக்கமும் பிள்ளைகள். பின்னால் பெரியவர்கள் சுவரிலிருந்து அரை மீற்றர் இடைவெளிகூட இல்லாமல் வரிசையாக நின்றார்கள். மெழுகுதிரிகள் ஏற்றியதும் யாரோ மின்விளக்குகளை அணைத்தார்கள். நான் மூன்று மீற்றர் தொலைவில் நின்று, கமராவிலேயே உள்ள சிறிய பிளாஷைத் திறந்து படங்களை எடுத்தேன். பின்னர் அறையின் எதிர்மூலைக்குச் சென்று, கமராவின் மேல் தனிப் பிளாஷைப் பொருத்தி, அதை நேராக முன்னோக்கி வைத்து, லென்ஸை நீட்டிச் சில படங்கள் எடுத்தேன். தனிப் பிளாஷ் விலை கூடியது, உயரமானது, ஆகவே கண் சிவக்காது என்று நம்பியிருந்தேன்.

மறுநாள் படங்களைப் பார்த்த பெரியம்மா, "தம்பி, இஞ்ச பார், பிள்ளைக்குக் கண்நோய் வந்தமாதிரிக் கிடக்கு. அம்மாவுக்கு ஒண்டும் இல்லை, இவனுக்கு மட்டும் ஏன் இப்பிடி?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியான இடத்தைத் தொட்டது. ஒரே படத்தில், ஒரே பிளாஷில், எண்பது வயதானவருடைய கண்கள் இயல்பாக இருந்தன. மூன்று வயதுப் பிள்ளையின் கண்கள் மட்டும் இரண்டு தணல் துண்டுகள்போல் இருந்தன. கமராவில் கோளாறு என்று சொல்லித் தப்ப இதில் இடமில்லை.

கண்மணி வழியே உள்ளே போகும் பிளாஷ் ஒளி, விழித்திரைக்குப் பின்னால் குருதிக் குழாய்கள் நிறைந்த படலத்தில் பட்டு, சிவப்பேறித் திரும்புகிறது. அப்படித் திரும்பும் ஒளி எங்கும் சிதறுவதில்லை. வந்த வழியை ஒட்டியே மீள்கிறது. ஆகவே பிளாஷும் லென்ஸும் கண்ணிலிருந்து பார்க்கும்போது கிட்டத்தட்ட ஒரே திசையில் இருந்தால், அந்தச் சிவப்பு நேராக லென்ஸுக்குள் வந்து சேரும். இருட்டில் கண்மணி விரிந்திருப்பதால் உள்ளே போகும் ஒளியும் கூடுகிறது, திரும்பும் ஒளியும் கூடுகிறது. பிள்ளைகளின் கண்மணி இருளில் நன்றாக விரியும். வயது ஏற ஏற அந்த விரிவு குறைந்துவிடும். விளக்கை அணைத்து மெழுகுதிரியை மட்டும் எரியவிட்ட அந்தச் சில விநாடிகளில் சிறுவனின் கண்மணிகள் தம்மால் இயன்ற அளவுக்கு விரிந்திருந்தன. அம்மம்மாவின் கண்மணிகள் விரியவில்லை. பெரியம்மாவின் கேள்விக்கு விடை இதுதான்.

இனி அந்தத் திசை வேறுபாட்டை அளந்து பார்க்கலாம். என் கமராவில் உள்ளமைந்த பிளாஷ் லென்ஸின் நடுவிலிருந்து எட்டு சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. மூன்று மீற்றர் தொலைவில் நிற்பவரின் கண்ணிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் இடையிலான கோணம் ஒன்றரைப் பாகை மட்டுமே. அந்தக் கோணம் இரண்டு, மூன்று பாகைக்குள் இருக்கும்வரை மங்கிய அறையில் சிவப்பைத் தவிர்ப்பது கடினம். தனிப் பிளாஷின் தலை லென்ஸிலிருந்து ஏறத்தாழ பதினைந்து சென்ரிமீற்றர் உயரத்தில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு மூன்று மீற்றரில் நின்றிருந்தால் கோணம் கிட்டத்தட்ட மூன்று பாகையாகி, ஓரளவு தப்பியிருக்கலாம். நான் நாலரை மீற்றருக்குப் பின்வாங்கியதால் அது இரண்டு பாகைக்கும் கீழே இறங்கிவிட்டது. பின்னால் போய் லென்ஸை நீட்டுவது கண் சிவப்பைக் கூட்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முகம் படத்தில் அதே அளவில்தான் தெரியும். கோணம் மட்டும் ஓசையின்றிச் சுருங்கிவிடும்.

கண் சிவப்பைக் குறைப்பதற்கென்று கமராவில் உள்ள வசதியையும் அன்று பயன்படுத்திப் பார்த்தேன். படம் எடுப்பதற்கு முன்னர் ஒரு விளக்கு எரிந்து கண்மணியைச் சுருங்க வைக்கும். சிவப்புச் சற்றுக் குறைந்தது உண்மை. ஆனால் அந்த விளக்கு எரிந்ததும் படம் எடுத்தாயிற்று என்று பிள்ளைகள் தலையைத் திருப்பிவிட்டார்கள். கணினியில் கண்மணியைக் கறுப்பாக்கிவிடலாம்தான். ஆனால் அதே பிளாஷ் முகத்திலும் சுவரிலும் செய்த கேட்டை அது தொடாது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு பிள்ளையின் ஒரு கண் சிவப்பாகவும் மற்றக் கண் வெள்ளையாகவும் பிளாஷ் படங்களில் திரும்பத் திரும்பத் தெரிந்தால், அதைப் படத்தின் குறையாக எண்ணித் திருத்திவிடக் கூடாது. கண் சாய்ந்திருந்த கோணத்தாலும் அப்படி விழலாம். கண்ணுக்குள் இருக்கும் கடுமையான நோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். படத்துடன் பிள்ளையைக் கண் வைத்தியரிடம் தாமதமின்றிக் காட்டவேண்டும்.

சுவர் நிழலுக்கு வருவோம். பின்வரிசையில் நின்ற ஒவ்வொருவரின் தலைக்கும் பக்கத்தில், வெள்ளைச் சுவரில், கத்தியால் வெட்டியதுபோன்ற கரிய விளிம்பு தெரிந்தது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களில் பிளாஷ் கமராவின் இடப்பக்கத்துக்கு வந்துவிட்டதால் நிழல் வலப்பக்கமாக, இன்னும் அகலமாக விழுந்திருந்தது. ஒளி வரும் இடம் சிறியதாக இருந்தால் நிழலின் விளிம்பு கூர்மையாகும். ஆள் சுவருக்கு அருகில் நின்றால் அந்த நிழல் படத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். கொழும்பின் புழுக்கத்தில் வியர்த்திருந்த நெற்றிகளில் ஒளி வெண்தட்டாகப் பளிச்சிட்டது. அம்மம்மாவின் திருநீறு மூன்று குறிகளாகத் தெரியவில்லை. ஒரே வெள்ளைப் பூச்சாகிவிட்டது. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. முன்னால் இருந்த அவருக்கும் எனக்கும் இடையே இரண்டு மீற்றர், பின்வரிசைக்கு மூன்று மீற்றர். தொலைவு ஒன்றரை மடங்கானால் நேர் ஒளி இரண்டேகால் பங்கில் ஒன்றாகக் குறையும். பின்வரிசைக்குப் போதுமான ஒளி அம்மம்மாவின் முகத்தில் இரு மடங்குக்கும் மேலாக விழுந்தது.

இரண்டு வாரம் கழித்து, இரவு ஏழு மணிக்குப் பின்னர், அதே அறையில் என் ஒன்றுவிட்ட தம்பியைக் கதிரையில் இருத்திப் பரீட்சையைத் தொடங்கினேன். கதிரையைச் சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் முன்னுக்கு இழுத்தேன். முதலில் பிளாஷ் இல்லாமல் ஒரு படம்: கமரா, அளவுகளைக் கையால் வைக்கும் M நிலையில், 1/100 செக்கன், f/4, ISO 800. ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதியாகும். முகம் தேவையானதைவிட இரண்டு ஸ்டொப் குறைவாக, மங்கிய மஞ்சளாகத் தெரிந்தது. அதுவே எனக்கு வேண்டியதும். அறையின் இயல்பான ஒளி முற்றாகச் செத்துப்போகாமல் பின்புலத்தில் நிற்கவேண்டும். முகத்துக்கான ஒளியைப் பிளாஷ் தரவேண்டும். 1/100 என்பதைத் தெரிந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. இலங்கையில் மின்னோட்டம் செக்கனுக்கு ஐம்பது சுற்று; அதனால் பல எல்.ஈ.டி. விளக்குகள் செக்கனுக்கு நூறு முறை மினுங்குகின்றன. 1/100 அந்த மினுக்கத்தின் ஒரு முழுச் சுற்றைப் பிடித்துவிடுவதால் படத்தில் கரும்பட்டைகள் விழுவதில்லை.

அடுத்து பிளாஷின் தலையை நாற்பத்தைந்து பாகை மேல்நோக்கித் திருப்பினேன். சீலிங்கில் தெறிப்பொளி பயன்படுத்துவது என்று சொல்லும்போது பலரும் செய்வது இதைத்தான். தம்பி இரண்டரை மீற்றர் தொலைவில் இருந்தபோது படம் நன்றாகவே வந்தது. கண்ணில் சிவப்பு இல்லை. நெற்றிப் பளபளப்புப் பரந்து தணிந்துவிட்டது. பின்சுவரில் நிழல் இருந்தாலும் விளிம்பு கரைந்து, எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி இருந்தது. பிளாஷ் இப்போது ஒளி தரும் இடமாக இருக்கவில்லை. சீலிங்கில் கதவளவு அகலத்துக்கு ஒளி பட்ட வெள்ளைப் பரப்பே விளக்காக மாறியிருந்தது. அது லென்ஸிலிருந்து வெகு தூரத்தில், மேலே இருப்பதால், கண்ணுக்குள் போகும் ஒளி லென்ஸை நோக்கித் திரும்ப வழியே இல்லை.

பிறகு அருகே சென்று, ஒரு மீற்றர் இருபது சென்ரிமீற்றர் தொலைவில், தலையை அப்படியே வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் எடுத்தேன். படம் மோசமாக இருந்தது. புருவத்தின் கீழே இரண்டு குழிகள், மூக்கின் கீழே ஒரு நிழல், கண்கள் உயிரில்லாமல் இருண்டிருந்தன. பிளாஷ் அதே பிளாஷ், சீலிங் அதே சீலிங். மாறியது சீலிங்கில் ஒளி பட்ட இடத்துக்கும் முகத்துக்கும் உள்ள உறவு மட்டுமே. பிளாஷிலிருந்து சீலிங் ஏறத்தாழ ஒரு மீற்றர் உயரத்தில் இருந்ததால், நாற்பத்தைந்து பாகையில் போன ஒளி ஒரு மீற்றர் முன்னால் பட்டது. அதாவது தம்பியின் உச்சந்தலைக்கு நேர் மேலே. நண்பகல் வெயிலில் நிற்கும் ஒருவரின் முகத்தில் கண்குழிகள் எப்படி இருளுமோ அப்படியே இங்கும் இருண்டன.

இதைத்தான் அன்று மாலை நான் உண்மையில் கற்றுக்கொண்டேன் என்று சொல்லலாம். பிளாஷை மேலே திருப்பினால் போதும் என்று எண்ணுவது பாதி உண்மை. சீலிங்கில் எந்த இடத்தில் ஒளி படப்போகிறது, அந்த இடம் முகத்திலிருந்து எந்தக் கோணத்தில் தெரியும் என்பதைப் படம் எடுக்குமுன் தலைநிமிர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே பிளாஷின் தலையைப் பின்பக்கமாக, என் தோளுக்கு மேலால், பின்னால் இருந்த சீலிங்கை நோக்கித் திருப்பினேன். ஆளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பிளாஷ் எப்படி முகத்துக்கு ஒளி தரும் என்று தம்பிக்கு ஐயம். இரண்டு மீற்றர் தொலைவிலிருந்து எடுத்த படத்தைக் கமராவின் திரையில் காட்டியதும், "அண்ணை, இது யன்னலுக்குப் பக்கத்தில எடுத்தமாதிரி இருக்கு" என்றான். அவன் கண்டது சரி. ஒளி பட்ட பரப்பு இப்போது அவனிடமிருந்து மூன்று மீற்றர் தள்ளி, அவன் கண்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றரும் கொஞ்சமும் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து முகத்துக்கு வரும் ஒளி இருபது பாகைக்குச் சற்றே கூடிய சரிவில் வருகிறது. முன்னோக்கித் திருப்பியபோது அதே தொலைவில் அந்தச் சரிவு ஐம்பது பாகைக்கு அண்மையில் இருந்தது. தாழ்ந்து வரும் ஒளி புருவத்தின் கீழே புகுந்து கண்ணைத் தொடும். கருவிழியின் மேற்பாதியில் அகன்ற வெண்ணிற ஒளிப்பொட்டு ஒன்று தெரிந்தது.

அந்த ஒளிப்பொட்டுத்தான் நல்ல சாட்சி. படத்தைத் திரையில் பெருப்பித்துக் கண்ணை மட்டும் பார்த்தால் மற்ற எல்லாம் விளங்கிவிடும். கண்மணியின் நடுவில் ஊசிமுனைபோல் ஒரு புள்ளி இருந்தால் பிளாஷ் நேராகப் பட்டிருக்கிறது. ஒளிப்பொட்டே இல்லாமல் கண் இருண்டிருந்தால் ஒளி உச்சியிலிருந்து வந்திருக்கிறது. கருவிழியின் மேற்புறத்தில் அகன்ற, மென்மையான பொட்டு இருந்தால் தெறிப்பொளி சரியான இடத்திலிருந்து வந்திருக்கிறது. சில பிளாஷ்களின் தலைக்குள் ஒரு சிறிய வெள்ளை அட்டை மடங்கியிருக்கும். அதை வெளியே இழுத்தால், சீலிங்குக்குப் போகும் ஒளியில் சிறு பங்கை முகத்துக்குத் திருப்பி ஒரு பொட்டை உண்டாக்கும். பின்னோக்கித் தெறிக்க முடியாத பெரிய மண்டபங்களில் அது உதவும். இந்த அறையில் எனக்குத் தேவைப்படவில்லை.

பின்னோக்கித் தெறிப்பதற்கு விலையும் உண்டு. ஒளி போகும் வழி நீள்கிறது. முன்னோக்கி விட்டபோது பிளாஷிலிருந்து சீலிங் வழியாக முகம்வரை மூன்று மீற்றர் அளவில் இருந்த பாதை இப்போது ஐந்து மீற்றரை நெருங்கியது. தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஒளி குறைவதால், ஏறத்தாழ இரண்டரை மடங்கு வலு தேவைப்பட்டது. போதாததற்குச் சீலிங்கும் தன் மேல் படும் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதில் இரண்டு ஸ்டொப் அளவு போய்விடும் என்று நான் கணக்கு வைத்துக்கொள்வேன். இந்த அறையில் f/4, ISO 800 என்ற அளவில் என் பிளாஷ் இதைத் தாங்கியது. ISO 200 என்று வைத்திருந்தால் ஒவ்வொரு படத்துக்கும் முழு வலுவைக் கொட்டி, அடுத்த படத்துக்கு நாலைந்து செக்கன் காத்திருந்திருக்கும். தயார் என்று காட்டும் விளக்கு மெதுவாக எரிவதும், மூன்றாவது நான்காவது படம் திடீரென்று இருண்டு வருவதும் இதன் அடையாளங்கள். பற்றரியைக் குறைசொல்வதற்கு முன்னர் ISO அளவை ஒரு படி ஏற்றிப் பார்க்கவேண்டும்.

குழுப் படத்திலும் இதனால் பயன் கிடைத்தது. பிறந்தநாளன்று முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே இரண்டேகால் மடங்கு ஒளி வேறுபாடு இருந்தது என்றேன். அதே இரண்டு, மூன்று மீற்றரில் கதிரைகளை வைத்து, சீலிங் வழியாக ஒளியை முன்னோக்கிவிட்டால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வேறுபாடே வரும். ஏனெனில் மேலே போய் வரும் தூரம் இரு வரிசைக்கும் பொதுவானது. பின்னோக்கி விட்டால் அது இன்னும் குறையும். வெண்பட்டு அணிந்த அம்மம்மாவும் பின்னால் நிற்கும் மருமகனும் ஒரே படத்தில் ஒழுங்காகத் தெரிய இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

அன்று இரண்டு தவறுகளையும் செய்து பார்த்தேன். பக்கவாட்டு ஒளி முகத்துக்கு வடிவம் தரும் என்பதால் பிளாஷின் தலையைத் தெற்குச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். சுவரின் இளம்பச்சை முழுவதும் தம்பியின் கன்னத்துக்கு வந்துவிட்டது. வெண்சமநிலையை மாற்றித் திருத்தலாம் என்றால், மறுகன்னத்தில் பச்சை இல்லாததால் ஒரு பக்கத்தைத் திருத்தினால் மறுபக்கம் செந்நீலம் ஏறுகிறது. பெரியம்மாவின் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை அந்தச் சுவரில் தொங்கவிட்டதும் குறை நீங்கியது. நிறச்சுவர் வீடுகளில் இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. மற்றத் தவறு, முன்னோக்கிச் சாய்த்த பிளாஷ் தலையின் விளிம்பிலிருந்து சிறிது ஒளி நேராகவே முகத்தில் பட்டது. படத்தில் மென்மையான நிழலோடு கூடவே, நாடியின் கீழே மங்கலான ஆனால் கூர்மையான இரண்டாவது நிழலொன்று தெரிந்தது. உள்ளங்கை அளவு கறுப்பு மட்டைத் துண்டை இறப்பர் வளையத்தால் தலையின் முன்விளிம்பில் கட்டினேன். இரண்டாவது நிழல் மறைந்தது.

விசயதசமிக் காலை வந்தபோது, பரீட்சையில் கற்றதை அப்படியே செய்யலாம் என்று நினைத்திருந்தேன். அறை அதே அறை. ஆனால் நிலைமை முற்றாக வேறு. ஏடு தொடக்கும்போது பிள்ளை கிழக்குநோக்கி இருக்கவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியையான அம்மம்மாவே சிறுவனை மடியில் வைத்துக்கொண்டு, பச்சரிசி பரப்பிய தட்டத்துக்கு முன்னால் பாயில் அமர்ந்தார். அவர்கள் கிழக்கைப் பார்த்ததால் மேற்கு யன்னல் நேரே பின்னால் அமைந்துவிட்டது. காலை எட்டே கால் மணி. யன்னலில் வெயில் இல்லை, ஆனால் கடல்மேல் வானம் முழுவதும் வெளிச்சமாக இருந்தது. மெல்லிய வெள்ளைத் திரை மட்டும் தொங்கியது. முகத்துக்கு ஏற்ப அளவெடுத்தால் யன்னல் வெறும் வெண்மையாக எரிந்துபோனது. யன்னலுக்கு ஏற்ப அளவெடுத்தால் இருவரும் கரிய உருவங்களானார்கள்.

திரையின் மடிப்புகள் தெரியவேண்டும் என்று முடிவுசெய்து 1/160 செக்கன், f/5.6, ISO 200 என்று வைத்தேன். முகம் இரண்டு ஸ்டொப் குறைவாக வந்தது. அதை நிரப்பச் சீலிங்கில் தெறிக்க முயன்றேன். பிளாஷ் ஒரு முறை முழு வலுவில் அடித்துவிட்டு அடங்கிவிட்டது. காரணம் கணக்கில் இருந்தது. அவர்கள் தரையில் இருந்தார்கள், நானும் முழங்காலில் நின்றேன். சீலிங் இப்போது ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்துக்குப் போய்விட்டது. போய்வரும் பாதை நாலு மீற்றரைத் தாண்டியது. பகல் வெளிச்சத்தோடு போட்டியிடுவதற்காக ISO அளவும் தாழ்ந்திருந்தது. என் பிளாஷின் வலுவைக் காட்டும் வழிகாட்டி எண், தலை தெறிப்பு நிலையில் இருக்கும்போது, ISO 100 இல் ஏறத்தாழ 30. அதை நாலே கால் மீற்றரால் வகுத்து, சீலிங்குக்கு இரண்டு ஸ்டொப் கழித்து, ISO 200 க்கு ஒரு ஸ்டொப் கூட்டினால், முழு வலுவிலும் f/5 ஐத்தான் தொடுகிறது. ISO அளவைக் கூட்டியும் பயனில்லை. அது யன்னலையும் சேர்த்தே பிரகாசமாக்கிவிடும். யன்னல் ஒளியை மட்டும் குறைக்கக்கூடியது ஷட்டர் வேகம். அதையும் என் கமராவில் 1/200 வரைதான் பிளாஷுடன் சாதாரணமாகப் பயன்படுத்தலாம்.

சிறுவனின் விரல் அரிசியில் 'அ' எழுதப்போகும் வேளை அது. பிளாஷின் தலையை நேராக முன்னுக்குத் திருப்பினேன். ஒரு மாதத்துக்கு முன்னர் என் படங்களைக் கெடுத்த அதே நேர் பிளாஷ்தான். ஆனால் இம்முறை M நிலையில் 1/32 வலுவில் வைத்தேன். அங்கிருந்த நிலைமைகள் அதை அனுமதித்தன. பகல் வெளிச்சம் நிறைந்த அறையில் பிள்ளையின் கண்மணி சுருங்கியிருந்தது. நான் இரண்டு மீற்றரில் இருந்ததால் பிளாஷுக்கும் லென்ஸுக்கும் இடையிலான கோணம் நாலு பாகையைத் தாண்டியிருந்தது. அவர்களுக்குப் பின்னால் அண்மையில் சுவர் இல்லை. வெளிச்சமான யன்னலில் நலிந்த பிளாஷின் நிழல் தெரிய வாய்ப்பே இல்லை. நேர் பிளாஷைக் கெடுதலாக்கும் மூன்று காரணங்களும் அங்கே இல்லாததால், அதை நிரப்பொளியாக நம்பிப் பயன்படுத்தலாம்.

பிளாஷின் அளவைக் கமராவே தீர்மானிக்கும் TTL இல் விட்டுவிடாததற்குக் காரணம் அரிசித் தட்டம். படத்தின் நடுவில், முகத்தைவிட எனக்குக் கிட்டவாக, அவ்வளவு வெள்ளை இருக்கும்போது, பிளாஷ் முன்கூட்டி அனுப்பும் சோதனை ஒளி அதில் பட்டுப் பலமாகத் திரும்பும். போதிய ஒளி இருக்கிறது என்று கமரா ஏமாந்து முகத்தை இருளவிடும். M நிலையில் அந்த ஏமாற்றம் இல்லை. பதிலுக்கு நான் தூரத்தை மாற்றக்கூடாது. ஒன்றரை மீற்றருக்குள் நகர்ந்திருந்தால் முகத்தில் ஒளி கிட்டத்தட்ட இரட்டித்திருக்கும். பாயின் விளிம்பில் முழங்காலை ஊன்றி அங்கேயே நின்றேன்.

1/32 இல் முகம் யன்னலைவிடச் சற்றே இருண்டு, ஆனால் கண்ணும் இதழும் தெளிவாகத் தெரிந்தன. ஒரு படத்தை 1/8 இல் எடுத்தும் பார்த்தேன். முகம் பிரகாசமாயிற்று, ஆனால் இருவரையும் வேறெங்கோ எடுத்த படத்திலிருந்து வெட்டி அந்த யன்னலுக்கு முன்னால் ஒட்டியதுபோல் இருந்தது. சட்டையின் மடிப்பு நிழல்கள்கூட மறைந்துவிட்டன. நிரப்பொளி கூடிவிட்டது என்பதை இப்படித்தான் கண்டுபிடிக்கவேண்டும். பின்னாலிருந்து ஒளி வருகிறது என்று கண் அறியும்போது முகம் பின்புலத்துக்குச் சமமாக ஒளிர்ந்தால் மனம் நம்பாது. பிளாஷின் அளவைக் கமராவிடம் விட்டு எடுப்பவர்கள், பிளாஷ் ஈடுசெய்தலை ஒன்றிலிருந்து ஒன்றரை ஸ்டொப் வரை குறைத்துத் தொடங்கலாம். காலை வானத்தின் நிறமும் பிளாஷின் நிறமும் ஏறத்தாழ ஒத்திருந்ததால் நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. மஞ்சள் விளக்குள்ள இரவு அறையில் என்றால் பிளாஷின் தலைக்குமேல் செம்மஞ்சள் மென்தாள் ஒன்றை வைத்திருப்பேன்.

சடங்கு முடிந்து, இரவில் எல்லோரும் கூடியபோது, பிறந்தநாளன்று கெட்டுப்போன குழுப் படத்தை மீண்டும் எடுத்தோம். மேசையைச் சுவரிலிருந்து ஒன்றரை மீற்றர் முன்னுக்கு இழுத்து, விளக்குகளை எல்லாம் எரியவிட்டு, பிளாஷைப் பின்னோக்கிச் சீலிங்கும் சுவரும் சேரும் மூலைக்குத் திருப்பி எடுத்தேன். சிறுவனின் கண்கள் கரியனவாகவே இருந்தன. அம்மம்மாவின் நெற்றியில் திருநீறு மூன்று குறிகளாகத் தெரிந்தது. ஒரு குறை மட்டும் புதிதாக வந்தது. தாழ்ந்து வரும் ஒளி என்பதால், அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியில் எனக்குப் பின்னால் இருந்த சுவரின் வெளிச்சப் பரப்பு பிரதிபலித்து ஒரு கண்ணை மூடிவிட்டது. "அம்மம்மா, நாடியைக் கொஞ்சம் தாழ்த்துங்கோ" என்று சொல்லி, கண்ணாடியின் காதுப்பிடிகளையும் விரற்கடையளவு உயர்த்திவிட்டேன். கண்ணாடி சிறிது முன்சரிந்ததும் அந்தப் பிரதிபலிப்புக் கீழே விழுந்து லென்ஸைவிட்டு விலகியது. அதன் பின்னர் எடுத்த ஆறு படங்களில் ஐந்தில் அவருடைய இரு கண்களும் தெளிவாக இருக்கின்றன.